பேச்சு பாதி, ஸ்லைடு பாதி

கலிஃபோர்னியாவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் 1961 முதல் 1963 வரை ரிச்சர்ட் ஃபைன்மன் இளநிலை மாணவர்களுக்கு இயற்பியல் வகுப்பு எடுத்தார். அவர் பேசியதை ஒலிநாடாவில் பதிந்தார்கள். கரும்பலகையில் எழுதியதைப் புகைப்படம் எடுத்தார்கள். நாடாவைக் கேட்டுத் தட்டச்சு செய்த தாள்களும் இந்தப் படங்களும் ராபர்ட் லேட்டன், மாத்யூ சாண்ட்ஸ் ஆகிய இரு இயற்பியலாளர்களிடம் வந்து சேர்ந்தன. அவற்றிலிருந்து பிறந்ததுதான் இன்றும் உலகெங்கும் படிக்கப்படும் ஃபைன்மன் இயற்பியல் விரிவுரைகள். மூன்று தொகுதிகளின் அட்டையிலும் ஃபைன்மனோடு லேட்டன், சாண்ட்ஸ் பெயர்களும் ஆசிரியர்களாக இருக்கின்றன. அது மரியாதைக்காகப் போட்டதல்ல.

தட்டச்சுத் தாளில் நிறுத்தற்குறிகளைச் சரிசெய்து, கரும்பலகைப் படங்களைப் பார்த்து வரைபடம் போட்டால் போதும், ஓய்வு நேரத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவரே செய்துவிடுவார் என்றுதான் முதலில் நினைத்தார்கள். நடந்தது வேறு. ஒவ்வொரு வகுப்புக்கும் தேர்ந்த இயற்பியலாளர் ஒருவர் பத்திலிருந்து இருபது மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது என்று லேட்டன் நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். பேசி முடிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

எங்கே போனது அவ்வளவு நேரமும்? இதற்கு அதே கால்டெக்கில் நடந்த இன்னொரு கதை பதில் சொல்கிறது. 1964 மார்ச்சில் கோள்கள் ஏன் நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்று ஃபைன்மன் ஒரு தனி வகுப்பு எடுத்தார். அது மேற்சொன்ன தொகுதிகளில் சேரவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் அங்கே ஆவணக் காப்பாளராக இருந்த ஜூடித் குட்ஸ்டீன் லேட்டனின் அலுவலகக் காகிதங்களைப் பார்த்தபோது அந்த வகுப்பின் தட்டச்சுப் பிரதி கிடைத்தது. ஒலிநாடாவும் இருந்தது. கரும்பலகைப் படங்கள் மட்டும் இல்லை. ஃபைன்மனின் ஒவ்வொரு சொல்லும் கையில் இருந்தும் பாடம் புரியவில்லை. "இந்தக் கோட்டை இங்கே நீட்டினால், இது அதற்குச் சமம்" என்ற மாதிரி பேசுகிறவரின் பேச்சில், கோடும் இல்லாமல் "இங்கே"யும் இல்லாமல் என்ன புரியும்? கடைசியில் ஃபைன்மன் கைப்பட எழுதிய சில பக்கக் குறிப்புகளை வைத்துக்கொண்டு, ஜூடித்தின் கணவரும் இயற்பியலாளருமான டேவிட் குட்ஸ்டீன் அந்த நிரூபணத்தை மறுபடி கட்டி எழுப்பினார். 1996-இல் அது தனி நூலாக வந்தது.

அன்றைக்கு கால்டெக்கில் ஏற்பாடு செய்து சேகரித்த அந்த இரண்டு பொருள்களும் இன்று எல்லோர் கையிலும் இருக்கின்றன. ஒரு நல்ல உரை முடிந்தால் அதன் காணொளி இருக்கும். பேச்சாளரிடம் பிபிடி இருக்கும். காணொளியிலிருந்து எழுத்துப்படியைத் தானாக எடுத்துத் தரும் மென்பொருள்களும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து ஒரு கட்டுரையாக்கித் தாருங்கள் என்று கேட்பவர்களுக்கும் குறைவில்லை. சேர்ப்பதுதான் சிக்கல். பெரும்பாலும் ஸ்லைடுப் படத்தை மேலே ஒட்டி, அதன் கீழே அந்த நேரத்தில் பேசியதைக் கொட்டிவிடுகிறார்கள். அது கட்டுரை ஆகாது. படிக்கிறவர் கண் மேலும் கீழும் ஓடி, சேர்க்கும் வேலையை அவரே செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

பேச்சு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்தோம். ஸ்லைடு மட்டும் இருந்தால் ஆகும் கேட்டுக்கும் உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் புறப்பட்டபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. அதனால் ஆபத்து உண்டா என்று பொறியாளர்கள் ஆராய்ந்து, முடிவுகளை பவர்பாயிண்டில் நாசாவுக்கு விளக்கினார்கள். ஒரு ஸ்லைடின் தலைப்பு நிம்மதி தரும் விதத்தில் இருந்தது. கீழே, உள்ளடங்கிய வரிசைகளில் கடைசியாக, சிறிய எழுத்தில் ஒரு வரி: மோதிய துண்டின் கன அளவு 1920 கன அங்குலம், சோதனையில் பயன்பட்டது 3 கன அங்குலம். அதாவது கையிலிருந்த சோதனைத் தரவுக்கும் நடந்த மோதலுக்கும் இடையே 640 மடங்கு இடைவெளி. அந்த ஸ்லைடில் மிக முக்கியமான செய்தி அதுதான். இருந்த இடமோ கடைசி. பிப்ரவரி 1 அன்று விண்கலம் சிதறி, கல்பனா சாவ்லா உள்பட ஏழு பேர் இறந்தார்கள். விபத்துக்கு இந்த ஸ்லைடுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தகவல் வடிவமைப்பு வல்லுநர் எட்வர்ட் டஃப்டி அதை வரி வரியாக ஆராய்ந்தார். விசாரணைக் குழுவும் தன் அறிக்கையில் அந்த ஆய்வை எடுத்துக்காட்டி, முறையான தொழில்நுட்ப அறிக்கைகளின் இடத்தில் ஸ்லைடுகள் வந்து உட்கார்ந்துவிட்டதைக் கண்டித்தது.

ஸ்லைடில் எது பெரியது, எது சிறியது, எதனால் எது வந்தது என்பது தெரியாது. புள்ளி வைத்த வரிகள் எல்லாம் ஒரே எடையோடு நிற்கும். அந்த எடையைச் சொல்வது பேச்சு. பேச்சில் எண் துல்லியமாக இருக்காது, பெயர் சரியாகக் கேட்காது, "இது" எது என்று தெரியாது. அதைச் சொல்வது ஸ்லைடு. இரண்டுக்கும் ஓட்டை இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் இல்லை. இந்த வேலை முடிகிற காரியமாக இருப்பதே அதனால்தான்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் சரியான கோப்பு வேண்டும். பேச்சாளர்கள் வழக்கமாக பிடிஎஃப் அனுப்புவார்கள். அது போதாது, மூல பவர்பாயிண்ட் கோப்பையே கேட்டு வாங்க வேண்டும். ஸ்லைடுக்குக் கீழே பேச்சாளர் தனக்காக எழுதிவைத்த குறிப்புகள், நேரம் போதாது என்று மறைத்துவைத்த ஸ்லைடுகள், ஒவ்வொரு வரியாகத் தோன்றும்படி அமைத்த வரிசை ஆகியவை பிடிஎஃப் ஆகும்போது பொதுவாகக் காணாமல் போய்விடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. நிகழ்ச்சி முடிந்து இரண்டு வாரம் கழித்து வரும் கோப்பு, மேடையில் காட்டிய கோப்பாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இடையில் வேறொரு ஊரில் பேசுவதற்காக அவர் அதில் மாற்றம் செய்திருக்கலாம். காணொளியில் தெரியும் ஸ்லைடுகளோடு எண்ணிக்கையையும் வரிசையையும் ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும்.

அடுத்து, காணொளியை முழுதாக ஒருமுறை பார்த்து, ஒவ்வொரு ஸ்லைடும் எந்த நிமிடத்தில் திரைக்கு வந்தது, எப்போது போனது என்று குறித்துக்கொள்ள வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்தால் பின்னால் செய்வதெல்லாம் ஊகமாகிவிடும். பேச்சாளர்கள் பின்னோக்கிப் போவார்கள், இரண்டு ஸ்லைடுகளைப் பேசாமலே தாண்டுவார்கள், ஒரு ஸ்லைடு திரையில் நிற்கும்போது அடுத்ததைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். எழுத்துப்படியின் நேரக்குறிப்பை மட்டும் நம்பிப் பிரித்தால் இந்தக் கடைசி வழக்கம்தான் காலை வாரும்: ஸ்லைடு மாறுவதற்கு அரை நிமிடம் முன்பே பேச்சு மாறியிருக்கும்.

ஒரு பகுதியை எடுத்துச் செய்தே பார்த்துவிடலாம். இதற்காக நானே அமைத்த எடுத்துக்காட்டு இது. ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் தன் வட்டாரத்து ஏரியைப் பற்றி விவசாயிகள் கூட்டத்தில் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏழாவது ஸ்லைடின் தலைப்பு "ஏரியின் கொள்ளளவு இழப்பு". வலப்பக்கம் இரண்டு பட்டைகள் கொண்ட வரைபடம்: தொடக்கத்தில் 40, இப்போது 26, அலகு மில்லியன் கன அடி. இடப்பக்கம் மூன்று வரிகள்: வண்டல் படிவு, ஆக்கிரமிப்பு, வரத்துக் கால்வாய் அடைப்பு. அந்த நேரத்து எழுத்துப்படி இப்படி இருக்கிறது:

```
00:14:32.000 --> 00:14:41.000
அடுத்து... ஆ, இதுதான். இது நாப்பது இருந்துச்சு.
இப்ப பாருங்க, இருபத்தஞ்சு இருபத்தாறு.

00:14:41.000 --> 00:14:52.000
மூணுல ஒரு பங்கு போச்சு. இதுல பெரிய ஆளு
மேல இருக்கே அது இல்ல. கடைசியா இருக்கே, அதுதான்.
```

ஸ்லைடை மட்டும் பார்த்து எழுதுகிறவர், ஏரியின் முதல் எதிரி வண்டல் என்று எழுதிவிடுவார். அதுதானே முதல் வரியில் இருக்கிறது. பேச்சை மட்டும் பார்த்து எழுதுகிறவருக்கு நாற்பது என்ன, பெரிய ஆள் யார் என்பதே தெரியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், பேச்சாளர் தன் ஸ்லைடின் வரிசையைத் தானே தலைகீழாக்குகிறார் என்பது தெரியும். அவர் பெரியதாகக் கருதுவது மூன்றாவது வரி, வரத்துக் கால்வாய் அடைப்பு.

இதோடு நிறுத்தி ஒரு பத்தி எழுதிவிடலாம். பலர் அப்படித்தான் எழுதுவார்கள்: "ஏரியின் கொள்ளளவு 40-லிருந்து 26 ஆகக் குறைந்ததற்கு முக்கியக் காரணம் வரத்துக் கால்வாய் அடைபட்டதே." வாக்கியம் அழகாக இருக்கிறது, ஸ்லைடும் பேச்சும் கச்சிதமாகச் சேர்ந்திருக்கின்றன. ஆனால் தப்பு. கால்வாய் அடைபட்டால் ஏரிக்கு வரும் தண்ணீர் குறையும். ஏரிக்குள் இருக்கும் இடம் அதனால் குறையாது. கொள்ளளவு என்பது இடம். ஸ்லைடில் மூன்று வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்போது இந்த ஓட்டை யார் கண்ணிலும் படாது. "அதனால்" என்ற சொல்லைப் போட்டு முழு வாக்கியம் எழுதும்போதுதான் அது வாயைப் பிளக்கும். ஆராய்ச்சி மாணவர் போதாமல் இயற்பியலாளரே உட்கார வேண்டியிருந்ததன் காரணமும் இதுதான். வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருந்தும் பொருள்படி தப்பாக இருப்பதை, பொருள் தெரிந்தவர்தான் பிடிக்க முடியும்.

சரி, பேச்சாளர் தப்பாகச் சொன்னாரா? முடிவுக்கு வருமுன் எழுத்துப்படியின் கடைசிவரை போக வேண்டும். கேள்வி நேரத்தில், ஐம்பத்தோராவது நிமிடத்தில், ஒரு பெண் எழுந்து கேட்கிறார்: "ஐயா, கால்வாய் அடைச்சா ஏரிக்குள்ள இடம் குறையாதுல்ல, தண்ணிதானே குறையும்?" அவர் சொல்கிறார்: "சரியாக் கேட்டீங்கம்மா. கொள்ளளவு வேற, ரொம்புறது வேற. நான் ரெண்டையும் ஒரே ஸ்லைடுல போட்டுட்டேன். வண்டலும் ஆக்கிரமிப்பும் இடத்தைக் குறைக்கும். கால்வாய் அடைபட்டா, இருக்கிற இடமும் ரொம்பாது. தூர் மட்டும் வாரி என்ன பண்றது, தண்ணி உள்ள வரணுமே."

இப்போது எழுத வேண்டிய பத்தி இது:

"ஏரி தொடக்கத்தில் 40 மில்லியன் கன அடி நீர் கொள்ளும். இன்று 26 மில்லியன் கன அடிதான் கொள்ளும். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான இடம் போய்விட்டது. வண்டல் படிந்ததும் ஆக்கிரமிப்பும் இதற்குக் காரணம். ஆனால் இதைவிடப் பெரிய சிக்கல், வரத்துக் கால்வாய் அடைபட்டிருப்பதால் மிஞ்சிய இடமும் நிரம்பாமல் கிடப்பது. தண்ணீர் உள்ளே வர வழி செய்யாமல் தூர் மட்டும் வாரிப் பயன் இல்லை."

ஆறே வாக்கியங்கள். அவற்றுக்குள் எடுத்த முடிவுகள் பல. எண்ணும் அலகும் ஸ்லைடிலிருந்து வந்தவை. "இருபத்தஞ்சு இருபத்தாறு" என்பது வாய்வாக்கில் சொன்னது. அதற்காக ஸ்லைடின் 26-ஐ மாற்றக் கூடாது. 40-இல் 14 போனால் நூற்றுக்கு 35. ஆகவே "மூணுல ஒரு பங்கு" என்பது கிட்டத்தட்ட சரி; "சற்று அதிகமான" என்று சேர்த்தால் பேச்சாளரின் சொல்லும் நிற்கும், கணக்கும் நிற்கும். காரணங்களின் எடை பதினான்காம் நிமிடப் பேச்சிலிருந்து வந்தது. கொள்ளளவையும் நிரம்புவதையும் பிரித்தது ஐம்பத்தோராம் நிமிடத்திலிருந்து வந்தது. அந்த விடையைக் கட்டுரையின் கடைசியில் "கேள்வி பதில்" என்று தனியாகப் போட்டிருந்தால், வாசகர் நடுவில் தப்பாகப் புரிந்துகொண்டு போயிருப்பார். என்னைக் கேட்டால் எந்த உரையிலும் கேள்வி நேரம்தான் அதிகம் விலைபெறும் பகுதி. பேச்சாளர் தயாரித்து வந்ததில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கேதான் கேள்வி விழுகிறது. அதைப் பின்னிணைப்பாக்காமல் உரிய பத்திக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

கடைசி வாக்கியத்தில் "மட்டும்" என்று இருக்கிறதே, அதையும் கவனிக்க வேண்டும். சுருக்கும் வேகத்தில் அது விழுந்துவிட்டால், தூர் வாருவதே வீண் என்று பொறியாளர் சொன்னதாக ஆகிவிடும். மறுநாள் ஊரில் அவருக்குப் பதில் சொல்லி மாளாது. "பெரும்பாலும்", "எங்க பக்கம்", "மழை நல்லா இருந்தா" என்று பேச்சில் ஒட்டிக்கொண்டு வரும் சிறு சொற்கள் வெறும் அடைப்புச் சொற்களாகத் தெரியும். பாதி அப்படித்தான். மீதிப் பாதியில்தான் பேச்சாளரின் நேர்மை இருக்கிறது. "பின்னாடி கேக்குதா?", "மைக்க கொஞ்சம்..." இவற்றை யோசிக்காமல் வெட்டலாம். எல்லை வகுக்கும் சொல்லை வெட்டுமுன் இருமுறை யோசிக்க வேண்டும்.

ஸ்லைடும் பேச்சும் முரண்படும்போது யாரை நம்புவது? மேலே எண்ணில் ஸ்லைடை நம்பினோம். எப்போதும் அப்படி இல்லை. "ஸ்லைடுல இருக்கிறது பழைய கணக்கு, போன வருஷம் அளந்தப்ப இருபத்துநாலுதான் வந்துச்சு" என்று பேச்சாளர் சொல்லியிருந்தால் பேச்சுதான் செல்லும். ஆக, பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அவர் ஸ்லைடைத் திருத்துகிறாரா, அல்லது ஸ்லைடைப் பார்க்காமல் தோராயமாகச் சொல்கிறாரா? திருத்தினால் பேச்சு, தோராயம் என்றால் ஸ்லைடு. இரண்டும் இல்லாமல், ஸ்லைடில் 26 என்றும் வாயில் 36 என்றும் சாதாரணமாக வந்தால் நாமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அவரைக் கேட்க வேண்டும். ஒருவேளை அவர் 36 என்று சொல்லவே இல்லாமலும் இருக்கலாம்.

எழுத்துப்படியே தப்பாக இருக்கும் சாத்தியத்தைத்தான் சொல்கிறேன். மென்பொருள் எழுதித் தரும் தமிழில் ல, ள, ழ மாறிக் கிடக்கும். ஏரி நிரம்பி வழியும் "கலங்கல்", "கலங்கள்" ஆகிவிடும். இத்தகைய பிழையை ஸ்லைடில் இருக்கும் எழுத்தோடு ஒப்பிட்டே திருத்திவிடலாம். ஆங்கிலம் கலந்து பேசுகிறவர் "ஃபிஃப்டீன்" என்றது "ஃபிஃப்டி" ஆகியிருக்கும். இவற்றைவிட மோசமானது எதிர்மறை. நம் வினைச்சொல்லில் ஆமா, இல்லையா என்பது கடைசி அசையில் இருக்கிறது. வேகமாகப் பேசும்போது அந்த அசையைத்தான் முதலில் விழுங்குகிறோம். "முடியாது" என்றது "முடியும்" என்று பதிவாகியிருந்தால் வாக்கியம் அப்போதும் நன்றாகத்தான் இருக்கும், எந்தச் சிவப்புக் கோடும் விழாது. மேலே பார்த்த "மேல இருக்கே அது இல்ல" என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். குரலை ஏற்றிச் சொன்னால் "அதுதானே?" என்று பொருள், இறக்கிச் சொன்னால் "அது அன்று" என்று பொருள். எழுத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம். ஒலியைக் கேட்டால்தான் தீரும். முழு ஒலியையும் மறுபடி கேட்க நேரம் இல்லை என்றாலும், எண் வரும் இடம், பெயர் வரும் இடம், இல்லை என்று மறுக்கும் இடம் ஆகிய மூன்றையும் காதால் கேட்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது.

இப்படி ஒவ்வொரு ஸ்லைடாகச் சேர்த்து முடித்தால் கையில் நாற்பது துண்டுப் பத்திகள் இருக்கும். அவற்றை அதே வரிசையில் கோத்துவிடும் ஆசை வரும். அங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் படுத்துவிடுகின்றன. ஸ்லைடு வரிசை மேடைக்காக அமைந்தது. கேட்கிறவர் மறந்திருப்பார் என்று பேச்சாளர் ஒரே வரைபடத்தை மூன்று முறை காட்டுவார், தூங்கிவிடக் கூடாது என்று நடுவில் ஒரு கதை சொல்வார், முடிவைக் கடைசிவரை ஒளித்துவைப்பார். படிக்கிறவருக்குப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் வசதி இருக்கிறது, அவரிடம் மூன்று முறை சொன்னால் எரிச்சல்தான் வரும். எனவே ஸ்லைடு எண்களை மறந்துவிட்டு, இந்த உரை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று ஒரு வரி எழுதிக்கொள்ள வேண்டும். நம் எடுத்துக்காட்டில்: ஏரி ஏன் நிரம்புவதில்லை, முதலில் எதைச் சரிசெய்வது? துண்டுகள் அந்தக் கேள்விக்கு எந்த வரிசையில் பதில் சொல்கின்றனவோ அதுதான் கட்டுரையின் வரிசை. ஏழாம் ஸ்லைடும் பத்தொன்பதாம் ஸ்லைடும் ஒரே பத்திக்குள் போகலாம். "இன்றைய உரையில் காணப்போவது" என்ற ஸ்லைடும் "நன்றி" ஸ்லைடும் எங்கும் போக வேண்டாம்.

படங்கள் தனிக் கதை. வரைபடத்தில் இரண்டே எண்கள் என்றால் அவற்றை வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் படத்தை விடலாம். மேலே அப்படித்தான் செய்தோம். பத்து ஆண்டு நீர்மட்டத்தைக் காட்டும் கோட்டுப்படம் என்றால் அச்சில் படம் வேண்டும். அதில் எங்கே பார்ப்பது என்பதைப் பேச்சிலிருந்து எடுத்துப் படத்தின் கீழே எழுத வேண்டும். உடைந்த மதகின் புகைப்படத்தைப் போட்டுவிட்டுப் பேச்சாளர் "பாருங்க" என்று மட்டும் சொல்லி மௌனமாக நிற்பார். எழுத்துப்படியில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். காணொளியைப் பார்த்தால்தான் தெரியும், கூட்டமே அங்கே முணுமுணுத்தது என்று. அந்த மதகில் என்ன உடைந்திருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் கசிகிறது என்பதை எழுதுகிறவரே பார்த்து வருணிக்க வேண்டியதுதான். ஆனால் வருணிப்பது எழுதுகிறவர், பேச்சாளர் அல்ல; ஆகவே அதை மேற்கோள் குறிக்குள் போட்டு அவர் வாயில் திணிக்கக் கூடாது.

நடை பற்றியும் ஒரு வார்த்தை. பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்கும்போது இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிறது. "ரொம்பாது" என்பதை "நிரம்பாது" என்று மாற்றலாம், மாற்ற வேண்டும். அதற்காக அந்தப் பொறியாளரை "நீர்நிலைகளின் புனரமைப்பு இன்றியமையாததாகும்" என்று பேசவைத்தால், அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பொருளைச் சொல்லும் வாக்கியங்கள் எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும். ஆளைக் காட்டும் வாக்கியம் ஒன்றிரண்டை, "தண்ணி உள்ள வரணுமே" போன்றதை, அவர் சொன்னபடியே மேற்கோளாக விட்டுவிடலாம். கட்டுரை முழுவதும் "பேச்சாளர் கூறினார், மேலும் அவர் கூறியதாவது" என்று போவது செய்திக் குறிப்புக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. கருத்து, அனுமானம், சொந்த அனுபவம் என்று அவர் பெயரில் நிற்க வேண்டியவற்றுக்கு மட்டும் அவர் பெயரைச் சொன்னால் போதும்.

முடித்த பிறகு சரிபார்ப்பு இரண்டு திசையில் நடக்க வேண்டும். ஸ்லைடுகளை வரிசையாக எடுத்து, இது கட்டுரையில் எங்கே போனது, போகவில்லை என்றால் ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டும். அப்போதுதான் தவறி விடுபட்டதும் தெரிந்து விட்டதும் பிரியும். பிறகு கட்டுரையை வாக்கியம் வாக்கியமாக எடுத்து, இது எந்த ஸ்லைடில் இருந்து, எந்த நிமிடத்தில் இருந்து வந்தது என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். எதிலிருந்தும் வராத வாக்கியம் ஒன்றிரண்டு மாட்டும். அவை பெரும்பாலும் பத்திகளை இணைக்க நாம் எழுதியவை. "இதனால்", "எனவே" என்று தொடங்கும் அந்த வாக்கியங்களைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஏனென்றால் பேச்சாளர் அடுத்தடுத்துச் சொன்ன இரண்டு செய்திகளுக்கு நடுவே காரணகாரிய உறவை நாம் புகுத்தியிருப்போம்.

இதன்பின் உரையைக் கேட்டிராத ஒருவரிடம் ஸ்லைடுகளைக் காட்டாமல் கட்டுரையை மட்டும் கொடுங்கள். "இந்தப் படத்தில்" என்று படமே இல்லாத இடத்தில் அவர் தடுமாறினால், ஒரு "இது" இன்னும் தீர்க்கப்படாமல் கிடக்கிறது என்று பொருள். பேச்சாளருக்கு அனுப்பும்போது முழுக் கட்டுரையோடு ஐயங்களை எண்ணிட்டுத் தனித்தாளில் அனுப்புவது நல்லது. "படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "26-ஆ, 36-ஆ?" என்று கேட்டால் 26 என்று பதில் வரும்.

உங்கள் ஊர்ச் சங்கமோ, கல்லூரித் துறையோ, வாசகர் வட்டமோ நடத்திய உரைகளை என்றாவது தொகுத்து நூலாக்கும் எண்ணம் இருந்தால், பேச்சாளர் வண்டி ஏறுவதற்குள் மூல ஸ்லைடுக் கோப்பை ஒரு பென்டிரைவில் வாங்கிவிடுங்கள். காணொளி எடுப்பவரிடம், பேச்சாளர் முகத்தோடு திரையும் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்பவர் கையில் மைக் கொடுங்கள். இந்த மூன்றுக்கும் அன்றைக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. ஓராண்டு கழித்துத் தேடினால் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் கிடைக்காது.